‘இரவு’ என்றால் எத்தனை மணி?

அத்தைக்கு 71 வயது. ஈசூனில் மகன் குடும்பத்துடன் இருக்கிறார். தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்தவர். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார், கடிகாரம் பார்ப்பார். சந்தையில் காய்கறி விலையில் அவரை ஏமாற்ற முடியாது. ஆனால் ஆங்கிலம் தெரியாது.

ஒருநாள் நள்ளிரவில் அவருடைய மகன் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அத்தைக்கு உடலெல்லாம் வியர்வை, கை நடுக்கம், பேச்சிலும் தடுமாற்றம். சர்க்கரையைச் சோதித்தபோது 3.1 காட்டியது. 4க்குக் கீழே போனாலே குறைவு. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார்.

மறுநாள் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: “இரவு மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுறீங்க?”

அத்தை தயங்காமல் சொன்னார்: “படுக்கப் போறப்பதான் டாக்டர். எல்லாத்தையும் ஒண்ணா, ஒன்பதரைக்கு.”

அங்கேதான் தவறு. அவருடைய நான்கு மருந்துகளில் ஒன்று கிளிபிசைடு. கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும் மாத்திரை அது. காலையிலும் இரவிலும் உணவுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். அத்தை ஏழரைக்குச் சாப்பிட்டுவிட்டு, ஒன்பதரைக்கு மாத்திரை போட்டிருக்கிறார். மாத்திரை வேலையைத் தொடங்கியபோது வயிற்றில் புதிதாக உணவு எதுவும் வரவில்லை. இருந்த சர்க்கரையும் இறங்கிவிட்டது.

மருந்துப் பையில் எல்லாம் சரியாகத்தான் அச்சாகியிருந்தது: ஒரு மாத்திரை, ஒரு நாளைக்கு இரண்டு முறை, உணவுக்கு முன். அந்த ஆங்கிலத்தைப் பேரன், “காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு பாட்டி” என்று சொல்லிக்கொடுத்திருக்கிறான். மொழிபெயர்ப்பு தவறில்லை. ஆனால் தமிழில் ‘ராத்திரி’ என்றால் ஏழு மணியும் ராத்திரிதான், பதினொன்றும் ராத்திரிதான். ‘உணவுக்கு முன்’ என்பது வழியிலேயே விழுந்துவிட்டது.

அந்த வார இறுதியில் நானும் அத்தையும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். மருந்துப் பைகள், வெள்ளை ஒட்டுத்தாள், தண்ணீர் பட்டாலும் அழியாத கறுப்புப் பேனா. இவ்வளவுதான் தேவைப்பட்டது.

முதலில் அவருடைய நாள்

மருந்தை ஒதுக்கி வைத்துவிட்டு, அவருடைய ஒரு நாளைக் கேட்டேன். காலை ஏழரைக்குப் பசியாறல். மாலை ஏழு மணிக்குச் சாமி விளக்கு. ஏழரைக்கு இரவுச் சாப்பாடு. ஒன்பதரைக்குப் படுக்கை. இந்த வரிசையில் நான்கு மருந்துகளையும் பொருத்தினோம்.

காலை 7.00: கிளிபிசைடு. காலை 7.30, சாப்பாட்டுடன்: சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின். மாலை 7.00: மீண்டும் கிளிபிசைடு. 7.30, சாப்பாட்டுடன்: மீண்டும் மெட்ஃபார்மின். இரவு 9.30: கொழுப்புக்கான சிம்வாஸ்டாட்டின். எழுதிய பட்டியலை மருந்தகத்தில் காட்டிச் சரிபார்த்த பிறகுதான் ஒட்டுத்தாளைத் தொட்டேன்.

ஒவ்வொரு தாளிலும் நான்கே விவரங்கள். நேரம், கட்டைவிரல் அகலத்துக்குப் பெரிய எண்ணில். அந்த நேரத்தின் படம். எத்தனை மாத்திரையோ அத்தனை வட்டம். எதற்கான மருந்து என்று தமிழில் ஒரே சொல். இரண்டு வேளை போடும் மருந்துக்கு இரண்டு தாள், ஒன்றன்கீழ் ஒன்றாக. அரை மாத்திரை இருந்தால் பின்ன எண் வேண்டாம். வட்டத்தைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியை மட்டும் கறுப்பாக்கினால் போதும்.

நான் வரைந்த தவறான படம்

முதலில் எல்லாரும் வரைவதைத்தான் நானும் வரைந்தேன். காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா. ‘உணவுக்கு முன்’ என்பதற்கு ஒரு தட்டு, அதன்மேல் பெருக்கல் குறி.

அத்தை அதை உற்றுப் பார்த்தார். “இதைப் போட்டா அன்னிக்குச் சோறு சாப்பிடக் கூடாதாம்மா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கிளிபிசைடு போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருப்பதுதான் மிக ஆபத்து. நிலாவிலும் அதே பழைய குழப்பம்: சாப்பாட்டு நேரமா, படுக்கும் நேரமா?

அதனால் மாற்றி வரைந்தோம். காலைக்குச் சூரியன் இருக்கட்டும். மாலை ஏழுக்குக் குத்துவிளக்கு, ஒன்பதரைக்குத் தலையணை. உணவுக்கு முன் என்றால் இடமிருந்து வலமாக மூன்று படங்கள்: மாத்திரை, 30 என்று எழுதிய கடிகாரம், சோறு உள்ள தட்டு. சாப்பாட்டுடன் என்றால் தட்டுக்குள்ளேயே மாத்திரை. விளக்கையும் தலையணையையும் அத்தையே தேர்ந்தெடுத்தார். உங்கள் வீட்டில் அது தொழுகைப் பாயாகவோ தொலைக்காட்சிச் செய்தியாகவோ இருக்கலாம்.

மாத்திரையின் நிறத்தை அடையாளமாக வைக்க வேண்டாம் என்று மருந்தாளர் எச்சரித்தார். அதே மருந்து அடுத்த முறை வேறு நிறுவனத்திடமிருந்து வரலாம். வெள்ளையாக இருந்தது மஞ்சளாகும், வட்டமாக இருந்தது நீளமாகும். அசல் அச்சுத்தாளையும் மறைக்கக் கூடாது. அவசரத்தில் வரும் மருத்துவ உதவியாளருக்கு அதுதான் தேவை. எங்கள் தாளைப் பையின் பின்பக்கம் ஒட்டினோம்.

“புரியுதா?” என்று கேட்காதீர்கள்

அப்படிக் கேட்டால், “புரியுதும்மா” என்றுதான் பதில் வரும். அமெரிக்காவில் 2006இல் வெளியான ஓர் ஆய்வில், ‘இரண்டு மாத்திரை, ஒரு நாளைக்கு இரண்டு முறை’ என்ற வரியைக் காட்டினார்கள். எழுத்தறிவு குறைந்தவர்களில் சுமார் 71 விழுக்காட்டினர் அதைச் சரியாகச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்று எடுத்துக் காட்டச் சொன்னபோது சரியாகக் காட்டியவர்கள் சுமார் 35 விழுக்காட்டினரே. சொல்வது வேறு, எடுத்துப் போடுவது வேறு.

ஆகவே அத்தையிடம், “விளக்கு ஏத்துற நேரம் வந்தாச்சு. எதை எடுப்பீங்க, காட்டுங்க” என்றேன். சரியான பையை எடுத்து, ஒரு வட்டத்துக்கு ஒரு மாத்திரையை மேசையில் வைத்தார். “இப்ப?” என்றேன். “அரை மணி நேரம் கழிச்சுச் சோறு” என்றார். ஒரு வாரம் கழித்து எண்ணிப் பார்த்தோம். கிளிபிசைடு 14 குறைந்திருக்க வேண்டும். குறைந்திருந்தது.

ஒன்றை மட்டும் படத்தால் சொல்ல முடியவில்லை. ஏகாதசிக்கு அத்தை விரதம் இருப்பார். அன்று கிளிபிசைடை என்ன செய்வது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டோம். சாப்பிடாத வேளைக்கு அந்த மாத்திரை வேண்டாம் என்றார். மற்ற மருந்துகளுக்கு அதே விதி பொருந்தாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாரத்துக்கு ஒரு முறை மட்டும் போடும் மருந்துகளுக்கும் இந்தத் தாள் போதாது. கடிகாரப் படத்தைப் பார்த்துத் தினமும் போட்டுவிட வாய்ப்புண்டு. மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்தில் அது உயிருக்கே ஆபத்து. அப்படிப்பட்டதைத் தனியாக வைத்து, கிழமையைப் பெரிதாக எழுதி, வீட்டில் ஒருவர் கையால் கொடுப்பதே நல்லது.

மூன்று மாதம் கழித்து மருத்துவர் கிளிபிசைடின் அளவை மாற்றினார். புதுப் பையுடன் வீட்டுக்கு வந்ததும், நான் சொல்வதற்கு முன்பே அத்தை பழைய பையின் ஒட்டுத்தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டார்.

“பழசு கிடந்தா கண்ணு அதைத்தாம்மா பாக்கும்,” என்றார். “பேனாவை எடுத்துட்டு வா.”