ஐகான் ஏன் நசுங்குகிறது?

கைபேசியில் ஏதோ ஓர் இணையதளத்தைத் திறக்கிறீர்கள். ஓர் எச்சரிக்கைச் செய்தி வருகிறது. வாசகம் நாலைந்து வரிக்கு நன்றாகத்தான் ஓடுகிறது. அதற்கு இடப்பக்கம் இருக்க வேண்டிய மஞ்சள் முக்கோணத்தைத்தான் காணோம். உற்றுப் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு மஞ்சள் கீற்று மட்டும் தெரிகிறது. இன்னொரு தளத்தில், பெயரின் முதலெழுத்தைத் தாங்கிய வட்டம் முட்டை வடிவத்துக்கு மாறியிருக்கும். வேறொன்றில் ஆளின் முகமே ஒல்லியாகி நிற்கும். மூன்றுக்கும் காரணம் ஒன்று. பக்கத்தை வடிவமைத்தவர் ஐகானின் அகலம் 24 பிக்சல் என்று தெளிவாக எழுதியிருந்தும் இது நடக்கும் என்பதுதான் இதில் விசேஷம்.

இன்றைய இணையப் பக்கங்களில் படம், எழுத்து, பொத்தான் ஆகியவற்றை ஒரே வரிசையில் அடுக்குவதற்குப் பெரும்பாலும் ஃப்ளெக்ஸ் என்னும் முறைதான் பயன்படுகிறது. வெளிப்பெட்டிக்கு `display: flex` என்று எழுதிவிட்டால், அதன் நேரடிப் பிள்ளைகள் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றுகொள்ளும். இடம் போதவில்லை என்றால் என்ன செய்வது என்பதற்கும் அதில் ஒரு விதி உண்டு. `flex-shrink` என்பது அதன் பெயர். நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் மதிப்பு 1, அதாவது 'தேவைப்பட்டால் என்னைச் சுருக்கிக்கொள்ளலாம்' என்று எல்லோரும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாக அர்த்தம். ஐகானும் அதில் சேர்த்தி.

எவ்வளவு சுருக்குவது? அவரவர் அகலத்துக்கு ஏற்ற விகிதத்தில். நிறுவனத்தில் எல்லோருக்கும் ஒரே சதவீதத்தில் சம்பளத்தைக் குறைப்பது போலத்தான் இதுவும். பெரிய பெட்டி அதிகமாக இழக்கும், சின்னது கொஞ்சமாக இழக்கும். பெரியது கணிசமாகக் குறைவதற்கு முன் சின்னது பூஜ்யமாகிவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில்தான் விதியை இப்படி அமைத்தார்கள். நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் பெரிய பெட்டியின் அகலத்தை பிரவுசர் எப்படி அளக்கிறது என்று பார்த்தால் கதை மாறுகிறது.

வாசகத்துக்கு நாம் அகலம் எதுவும் கொடுப்பதில்லை. ஆகவே பிரவுசர் அதை எங்கும் மடக்காமல் ஒரே வரியாக நீட்டி எழுதினால் எவ்வளவு வரும் என்று அளந்துகொள்கிறது. நாலு வரிச் செய்தி, நீட்டினால் ஆயிரம் பிக்சலைத் தாண்டும். ஒரு பத்தியே இருந்தால் மூவாயிரத்தைத் தொடும். அந்த எழுத்து மடங்கி அடுத்த வரிக்குப் போகக்கூடியதுதானே என்ற யோசனை இந்தக் கட்டத்தில் பிரவுசருக்கு இல்லை. நீட்டிய அகலத்தை வைத்தே விகிதம் போடுகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வரிசையின் அகலம் 320 பிக்சல். ஐகான் 24. ஐகானுக்கும் வாசகத்துக்கும் நடுவே இடைவெளி 8. இடைவெளி சுருங்காது என்பதால் இருவரும் பங்கிட்டுக்கொள்ள மீதி இருப்பது 312.

வாசகம் நீட்டினால் 600 பிக்சல் என்று வையுங்கள். இருவரும் சேர்ந்து கேட்பது 624, இருப்பதோ 312. சரிபாதி. ஆகவே வாசகம் 300, ஐகான் 12. இப்போதே ஐகான் பாதியாகிவிட்டது. வாசகம் 1,224 பிக்சலுக்கு நீண்டால் மொத்தம் 1,248. இருப்பது அதில் கால் பங்கு. ஐகானுக்கு 6 பிக்சல். வாசகம் 3,096 என்றால் மொத்தம் 3,120, பத்தில் ஒன்று. ஐகானுக்குக் கிடைப்பது 2.4 பிக்சல். நாம் பார்த்த மஞ்சள் கீற்று இதுதான். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஐகானிடமிருந்து பிடுங்கிய 21.6 பிக்சலால் வாசகத்துக்கு உருப்படியான லாபம் எதுவும் இல்லை. ஐகானை முழுதாக விட்டிருந்தாலும் அது 288 பிக்சலில் மடங்கி, மிஞ்சினால் ஒரு வரி கூடுதலாக எடுத்துக்கொண்டிருக்கும்.

'அகலம் 24 என்று எழுதியிருக்கிறேனே, அதற்கு மதிப்பே இல்லையா?' என்று கேட்கத் தோன்றும். அந்த 24 கணக்கின் தொடக்க எண் மட்டும்தான், கடைசி எண் இல்லை. இதற்குக் கீழே போகக் கூடாது என்ற தரைமட்டம் ஒன்றை பிரவுசர் தானாகவே வைத்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் அதை நிர்ணயிக்கும்போது நாம் எழுதிய அகலத்தையும், உள்ளே இருக்கும் சரக்குக்குக் குறைந்தபட்சம் தேவைப்படும் அகலத்தையும் ஒப்பிட்டு, எது சிறியதோ அதை எடுக்கும். காலியான ஒரு பெட்டிக்குப் பின்னணிப் படமாக முக்கோணத்தைப் போட்டிருந்தால், பிரவுசரின் கண்ணுக்கு உள்ளே சரக்கு இல்லை. பின்னணி கணக்கில் வராது. ஆகவே தரைமட்டம் பூஜ்யம். முதலெழுத்து வட்டத்தில் ஓர் எழுத்து இருப்பதால் அந்த எழுத்தின் அகலம் வரை சுருங்கி அங்கே நிற்கும். உயரம் மட்டும் 40 பிக்சலில் அப்படியே இருக்கும். முட்டை அப்படிப் பிறந்ததுதான். எழுத்துருவாக வரும் ஐகான்கள் இப்படி நசுங்குவதில்லை. அவையே எழுத்து என்பதால் அவற்றின் அகலமே தரைமட்டம்.

படங்களின் நிலை கொஞ்சம் சிக்கலானது. வரிசையில் நேரடியாக நிற்கும் பெரிய புகைப்படத்துக்கு அகலம் குறித்திருந்தால் அது பொதுவாகத் தாக்குப்பிடிக்கும், ஏனென்றால் அதன் இயல்பான அகலம் நாம் எழுதியதைவிடப் பெரியது. அதே படத்தை ஓர் இணைப்புக்குள், அதாவது `<a>` குறிக்குள் வைத்தால் நிலைமை தலைகீழ். பல தளங்களில் எல்லாப் படங்களுக்கும் `max-width: 100%` என்று பொதுவாக எழுதிவைத்திருப்பார்கள். இப்படி எழுதிய படம் எவ்வளவு வேண்டுமானாலும் சுருங்கத் தயார் என்று பிரவுசர் எடுத்துக்கொள்வதால், அதைச் சுமக்கும் இணைப்புப் பெட்டியின் தரைமட்டம் பூஜ்யமாகிவிடும். பெட்டி சுருங்கும், படமும் கூடவே சுருங்கும். பத்தில் ஒன்றாகும் வரிசையில் 80 பிக்சல் முகம் 8 பிக்சலுக்கு வந்துவிடும். உயரத்தையும் 80 என்று குறித்திருந்தால் ஒல்லி முகம். `object-fit: cover` போட்டால் முகம் ஒல்லியாகத் தெரியாது, இருபுறமும் வெட்டுப்பட்டுத் தெரியும். பெட்டி அதே 8 பிக்சல்தான். அது மருந்தல்ல, பூச்சு.

எஸ்விஜி ஐகான் கோணலாவதில்லை, விகிதம் மாறாமல் குட்டியாகிவிடும். அதனால் அது நசுங்கியது என்றே பலர் கண்டுபிடிப்பதில்லை. 'இந்த ஐகான் மட்டும் ஏன் சின்னதாக இருக்கிறது' என்று எழுத்தளவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சந்தேகம் வந்தால் பிரவுசரின் ஆய்வுக் கருவியைத் திறந்து ஐகான் மேல் சுட்டியை வைத்தால் போதும். 24 × 24 என்று காட்ட வேண்டிய இடத்தில் 2.4 × 24 என்று வந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். உயரம் சரியாக இருந்து அகலம் மட்டும் குறைந்திருப்பதுதான் அடையாளம். ஃபயர்பாக்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், எந்த அளவில் தொடங்கியது, எவ்வளவு சுருங்கியது, கடைசியில் என்ன ஆனது என்று வரிசையாகக் காட்டும்.

தீர்வு மிகச் சின்னது.

```css
.icon {
  flex: none;
  width: 24px;
  height: 24px;
}
```

`flex: none` என்றால் வளரவும் வேண்டாம், சுருங்கவும் வேண்டாம். `flex-shrink: 0` என்று மட்டும் எழுதினாலும் இந்த இடத்தில் பலன் அதேதான். பூட்ஸ்ட்ராப் பயன்படுத்துவோர் `flex-shrink-0` என்ற வகுப்பையும், டெயில்விண்ட்காரர்கள் `shrink-0` என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். எந்த ஐகான் தாங்கும், எது தாங்காது என்று ஆராய்ந்துகொண்டிருப்பதைவிட, வரிசையில் நிற்கும் எல்லா ஐகானுக்கும் இதைப் போட்டுவிடுவதே புத்திசாலித்தனம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இது வரிசையின் நேரடிப் பிள்ளைக்குத்தான் செல்லும். இணைப்புக்குள் படம் இருந்தால் விதியை எழுத வேண்டியது இணைப்புக்கு. படத்துக்கு எழுதிவிட்டு ஒன்றும் மாறவில்லையே என்று தவிப்பது இந்தத் தொழிலில் அன்றாடக் காட்சி.

சிலர் ஐகானைத் தொடாமல் வாசகத்துக்கு `flex: 1` என்று எழுதுவார்கள். பிரச்சினை மறைந்துவிடும். அப்படி எழுதியதும் வாசகம் பூஜ்யத்திலிருந்து தொடங்கி மிச்ச இடத்தை எடுத்துக்கொள்வதால் சுருக்க வேண்டிய அவசியமே வராது. ஆனால் இது நீளமான ஒரு சொல் வரும் வரைதான். வாசகத்துக்கும் ஒரு தரைமட்டம் உண்டு. அதிலுள்ள மிக நீளமான சொல்லின் அகலம்தான் அது. தமிழில் சோதித்துப் பார்க்காதவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். 'ஒருங்கிணைக்கப்பட்டுள்ளவர்களுக்கான' என்பது இடைவெளியே இல்லாத ஒரே சொல். கொஞ்சம் பெரிய எழுத்தில் அது 315 பிக்சல் பிடிக்கிறது என்று வையுங்கள். இருப்பதோ 312. வாசகம் 315-க்குக் கீழே இறங்க மறுக்கும். குறையை ஈடுகட்ட வரிசையில் மீதி இருப்பது ஐகான் மட்டும்தான். அது முழுப் பூஜ்யமாகும், அப்படியும் 3 பிக்சல் வெளியே துருத்தும். ஆங்கிலத்தில் ஒழுங்காக இருந்த பக்கம் தமிழுக்கு மாறியதும் ஐகானை இழப்பது இப்படித்தான்.

ஐகானுக்கு `flex: none` போட்டுவிட்டால் ஐகான் பிழைக்கும். ஆனால் துருத்தல் 3 பிக்சலிலிருந்து 27 ஆகும். ஆகவே வாசகத்தையும் வளைந்துகொடுக்கச் சொல்ல வேண்டும்.

```css
.label {
  min-width: 0;
  overflow-wrap: anywhere;
}
```

முதல் வரி வாசகத்தின் தரைமட்டத்தை எடுத்துவிடுகிறது. இரண்டாவது வரி, வேறு வழியே இல்லாதபோது சொல்லை நடுவில் உடைத்து அடுத்த வரிக்கு அனுப்புகிறது. இந்த `min-width: 0` என்பதை வரிசையில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து எழுதிவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. அப்படிச் செய்தால் இதுவரை தாக்குப்பிடித்த புகைப்படங்களும் தரைமட்டத்தை இழந்து நசுங்கத் தொடங்கும். வாசகத்துக்கு மட்டும் எழுதுவதே சரி.

வரிசையில் இருப்பது முழுக்க ஐகான்கள்தான் என்றால் இந்த வைத்தியம் செல்லாது. தலா 44 பிக்சலில் ஒன்பது பொத்தான்கள் 396 பிக்சல் கேட்கும்; 320-இல் அவை அடங்காது. யாரும் சுருங்கக் கூடாது என்று சொன்னால் கடைசிப் பொத்தான் முழுதும், அதற்கு முந்தையதில் பெரும்பகுதியும் வரிசைக்கு வெளியே போய்விடும். அங்கே `flex-wrap: wrap` எழுதி இரண்டாம் வரிக்கு இறக்கலாம், அல்லது `overflow-x: auto` எழுதி விரலால் தள்ளிப் பார்க்கவிடலாம். இரண்டாவதில் ஒளிந்திருக்கும் பொத்தான்கள் இருப்பதே பலருக்குத் தெரியாமல் போகும் என்பதால், பொத்தான்கள் முக்கியமானவை என்றால் என் ஓட்டு முதலாவதுக்கு.