படம் சொல்லாததைச் சொல்லும் கடிதம்

வீடியோ கேமில் நாயகன் ஓடும் தெரு, ஏறும் பாறை, பதுங்கும் கிடங்கு எல்லாவற்றையும் உருவாக்குபவர் என்விரான்மென்ட் ஆர்ட்டிஸ்ட். 2016இல் வெளிவந்த ‘ஃபயர்வாட்ச்’ விளையாட்டில் ஓவியர் ஆலி மாஸ் வண்ண அடுக்குகளாகத் தீட்டிய காட்டை, நாம் நடந்து திரியும் முப்பரிமாண இடமாக மாற்றியவர் ஜேன் இங். அதை உருவாக்கிய காம்போ சான்டோ அப்போது ஒரு சிறிய ஸ்டுடியோவாக இருந்தது.

சிறிய ஸ்டுடியோவில் இந்த வேலைக்கு ஓரிருவர்தான் இருப்பார்கள். புதிதாகச் சேர்பவரின் பிழையை உட்கார்ந்து திருத்த ஆளிருக்காது. தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கத் தெரிந்தவரா என்பதைத்தான் விண்ணப்பக் கடிதத்தில் தேடுவார்கள்.

கல்லூரி முடித்த ஒரு பெண் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். முதல் முயற்சியில், “சிறு வயதிலிருந்தே கேம் என்றால் எனக்கு உயிர். பிளெண்டர், மாயா, அன்ரியல் எல்லாம் தெரியும்” என்று தொடங்குகிறார். இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறார்:

“என் ரயில் நிலையக் காட்சியில் சுவர், தூண், கூரையை நான்கு மீட்டர் துண்டுகளாகச் செய்து, அவற்றையே திரும்பத் திரும்ப அடுக்கினேன். நான்கு மீட்டர் சுவருக்கு 2048 பிக்சல் அகலமுள்ள ஒரு டெக்ஸ்சர். ஒரு மீட்டர் கதவுக்கும் அதே அளவைப் போட்டுவிட்டேன். அன்ரியலில் வைத்துப் பார்த்தபோது கதவு துல்லியமாகவும் பக்கத்துச் சுவர் மங்கலாகவும் தெரிந்தன. கதவின் டெக்ஸ்சரை 512 பிக்சலாகக் குறைத்தேன். மரங்கள் மெகாஸ்கேன்ஸ் தொகுப்பிலிருந்து எடுத்தவை. மற்றவை நான் செய்தவை.”

கணக்கு எளிது. சுவரில் ஒரு மீட்டருக்கு 512 பிக்சல் கிடைக்கிறது. கதவில் 2048, அதாவது நான்கு மடங்கு. இதை ‘டெக்ஸல் அடர்த்தி’ என்பார்கள். சதுரங்கப் பலகை போன்ற கட்டம் போட்ட படத்தை எல்லாப் பொருள்மீதும் ஒட்டிப் பார்த்தால் பிழை உடனே தெரியும்: கதவில் மட்டும் கட்டங்கள் பொடிப்பொடியாக இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே அடர்த்தி என்பது கட்டாயமில்லை. ஆட்டக்காரர் கையில் பிடித்து முகத்தருகே பார்க்கும் துப்பாக்கிக்கு வேண்டுமென்றே கூடுதலாகக் கொடுப்பதுண்டு.

இந்தப் பத்தியைப் படித்தவர் காட்சியைத் திறந்ததும் முதலில் அந்தக் கதவைத்தான் தேடுவார். அழகான படம் மட்டும் இருந்திருந்தால் அது நடந்திருக்காது. மரங்களை வெளியிலிருந்து எடுத்ததைச் சொன்னதும் அவருக்கு நல்லதே. அந்தத் தொகுப்பைத் துறையில் இருப்பவர்கள் பார்த்தவுடன் கண்டுகொள்வார்கள். மறைத்திருந்தால் மற்ற வேலைகள்மீதும் சந்தேகம் வந்திருக்கும்.

மிச்சம் இருப்பது இரண்டு வரி: அந்த ஸ்டுடியோவின் எந்த விளையாட்டை ஆடினார், தன் வேலை அதன் பாணியோடு எங்கே பொருந்துகிறது. கையால் தீட்டியதுபோன்ற உலகங்களைச் செய்பவர்களுக்கு, நிஜம்போல் தோன்றும் ரயில் நிலையத்தை முதலில் காட்டக்கூடாது.

எல்லாம் சேர்த்து அரைப் பக்கம் போதும். படைப்புகளின் இணைப்பு கடிதத்தின் தலையிலேயே இருக்கட்டும். அனுப்பும் முன், லாகின் செய்யாத வேறொரு போனில் அது திறக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.