சிரிஞ்சில் கோடு 16.. உள்ளே இருப்பதோ 40 யூனிட்! ஊசி போடும் முன் சிக்கும் இன்சுலின் தவறு; நர்ஸ் ரிப்போர்ட்டில் என்ன இருக்க வேண்டும்?

வியாசர்பாடியில் ஒரு சிறிய மருத்துவமனை என்று வைத்துக்கொள்வோம். சுகர் நோயாளிக்குக் காலை டிபனுக்கு முன் 16 யூனிட் இன்சுலின் போடச் சொல்லி டாக்டர் எழுதியிருக்கிறார். பார்மசியில் இருந்து குப்பி வருகிறது. அதே பெயர், அதே கம்பெனி. நர்ஸ் சிரிஞ்சில் 16 கோடு வரை மருந்தை ஏற்றுகிறார். பக்கத்தில் இருக்கும் இன்னொரு நர்ஸும் பார்த்து "16, சரிதான்" என்கிறார்.

ஆனால் அந்த ஊசியைப் போட்டிருந்தால் நோயாளி உடம்புக்குள் போயிருப்பது 16 யூனிட் இல்லை, 40 யூனிட்!

எப்படி நடக்கிறது இந்தத் தவறு?

இந்தியாவில் இன்சுலின் குப்பிகள் இரண்டு வீரியத்தில் விற்கப்படுகின்றன. ஒன்றில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் மருந்து இருக்கும். இன்னொன்றில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்ச் உண்டு. பொதுவாக 40-க்கானதில் சிவப்பு மூடி, 100-க்கானதில் ஆரஞ்சு மூடி இருக்கும். பிரிட்டன் 1983-லேயே 100 யூனிட்டுக்கு மாறிவிட்டது. நம்மூரில் இன்னும் இரண்டும் புழக்கத்தில் இருப்பதுதான் சிக்கலே.

40 சிரிஞ்சில் 16 கோடு என்றால் 0.4 மில்லி. 40 குப்பியில் இருந்து எடுத்தால் அதில் சரியாக 16 யூனிட் இருக்கும். அதே 0.4 மில்லியை 100 குப்பியில் இருந்து எடுத்தால் 40 யூனிட், அதாவது இரண்டரை மடங்கு. சுகர் தடாலென இறங்கி வியர்வை, நடுக்கம், குழப்பம் என ஆரம்பித்து, மயக்கம், வலிப்பு வரை போகலாம். தலைகீழாக மாறினாலும் பிரச்னைதான். 40 குப்பிக்கு 100 சிரிஞ்சைப் பயன்படுத்தினால் 16 கோட்டில் வெறும் 6.4 யூனிட்தான் கிடைக்கும். சுகர் ஏன் குறையவில்லை என்று டாக்டர் டோஸை ஏற்றிக்கொண்டே போவார்.

இங்கே கவனிக்க வேண்டியது, இரண்டு நர்ஸ்கள் சரிபார்த்தும் தவறு தப்பிப் போனதைத்தான். மருந்துப் பெயர் சரி, டோஸ் சரி, சிரிஞ்சில் கோடும் சரி. இருவரும் பார்த்தது அந்தக் கோட்டைத்தான். தவறு இருந்ததோ குப்பியின் லேபிளில், சின்ன எழுத்தில். குப்பியைத் திரும்ப வைக்கும்போது "இதுல 100-னு போட்டிருக்கே" என்று நர்ஸ் கவனித்ததால்தான் ஊசி நின்றது.

அடுத்து என்ன செய்ய வேண்டும்?

ஏற்றிய சிரிஞ்சைப் போடக்கூடாது. குப்பியைத் தூக்கி எறியவும் கூடாது, அதுதான் ஆதாரம். தனியே எடுத்து வைத்துவிட்டு டாக்டருக்கும் பார்மசிக்கும் சொல்ல வேண்டும். சரியான குப்பி வந்த பிறகுதான் டோஸ். அதே சரக்கில் இருந்து வேறு வார்டுக்கும் குப்பி போயிருக்கிறதா என்பதை உடனே பார்க்க வேண்டும். நோயாளி தப்பித்த நிம்மதியில் பலர் மறப்பது இதைத்தான்.

அதன் பிறகு ரிப்போர்ட். "ஒன்னும் ஆகலையே, எதுக்கு எழுதணும்?" என்ற பேச்சு இங்கே வரும். மருந்துத் தவறுகளை வகைப்படுத்தும் என்சிசி மெர்ப் என்ற அமெரிக்க அட்டவணையில், தவறு நடந்தும் நோயாளியைச் சென்றடையாத நிலைக்கு 'பி' என்று தனிப் பிரிவே இருக்கிறது. இந்தியாவின் என்ஏபிஹெச் தரச்சான்று விதிகளும் இப்படி மயிரிழையில் தப்பியவற்றைப் பதிவு செய்து ஆராயச் சொல்கின்றன.

"பார்மசி தவறான இன்சுலின் கொடுத்தது" என்று ஒரே வரியில் எழுதினால் பிரயோஜனம் இல்லை. இப்படி இருக்கலாம்: "காலை 7.20. சீட்டில் 16 யூனிட் என்று மட்டும் இருந்தது, குப்பியின் வீரியம் எழுதப்படவில்லை. வந்தது மில்லிக்கு 100 யூனிட் குப்பி, வார்டில் இருந்தது 40 சிரிஞ்ச். 16 கோடு வரை ஏற்றப்பட்டது. இரண்டாவது சரிபார்ப்பில் தெரியவில்லை. குப்பியைத் திரும்ப வைக்கும்போது லேபிளில் தெரிந்தது. ஊசி போடப்படவில்லை. டாக்டருக்கும் பார்மசிக்கும் தகவல் சொல்லப்பட்டது. சரியான குப்பி 7.45-க்கு வந்தது."

இதில் யார் பெயரும் இல்லை. ஆனால் காரணம் வெளியே வந்துவிடுகிறது. சீட்டில் வீரியம் இல்லை. 40 குப்பி தீர்ந்ததால் மாற்றிக் கொடுத்தார்களா, ஃபிரிட்ஜில் இரண்டும் ஒரே டப்பாவில் இருந்தனவா என்று பார்மசியில் கேட்டுவிட முடியும். சரிசெய்யவும் வழி கிடைக்கிறது: இரண்டையும் தனித்தனி டப்பாவில் வைப்பது, குப்பியோடு அதற்கான சிரிஞ்சையும் சேர்த்தே அனுப்புவது, இரண்டாவது நர்ஸ் கோட்டைப் பார்க்கும் முன் குப்பி லேபிளைச் சத்தமாகப் படிப்பது.

வீட்டில் இன்சுலின் போடுபவர்களுக்கு?

வீட்டில் இரண்டாவது நர்ஸ் கிடையாது. கடையில் இருந்து புதுக் குப்பி வாங்கும் ஒவ்வொரு முறையும் குப்பியில் உள்ள எண்ணையும் சிரிஞ்சில் உள்ள எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குப்பியில் 40 என்றால் சிரிஞ்சிலும் 40, குப்பியில் 100 என்றால் சிரிஞ்சிலும் 100. மூடியின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். எண் ஒத்துப்போகவில்லை என்றால், நீங்களே கணக்குப் போட்டுச் சமாளிக்காமல் கடையிலேயே மாற்றி வாங்கிவிடுங்கள்.