‘கொஞ்சம் நல்லா பண்ணிக் கொடுங்க!’

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர், தெரிந்த பிழை திருத்துநர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அறிவிப்பு ஒன்றை அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். “நாளை தொட்டி கழுவுவதால் தன்னீர் வராது. யாரும் மோட்டார் போடக்கூடாது. மீறினால் அபராதம்.” கீழே ஒரே ஒரு வரி: “இதைக் கொஞ்சம் நல்லா பண்ணிக் கொடுங்க.”

எதை நல்லா பண்ணுவது?

பிழைதான் கவலை என்றால் ‘தன்னீர்’ ‘தண்ணீர்’ ஆனதும் வேலை முடிந்தது. தெளிவு வேண்டுமென்றால் அது போதாது. அறிவிப்பை மறுநாள் படிப்பவருக்கு ‘நாளை’ என்பது வேறொரு நாள். தேதியும், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பதும் வேண்டும். தொனி உறுத்துகிறதென்றால், “மோட்டார் போடாமல் ஒத்துழைக்க வேண்டுகிறோம்” என்று மாற்றலாம். லிஃப்டுக்குள் ஒட்டப்போகிறார்கள் என்றால் இன்னும் சுருக்க வேண்டியிருக்கும்.

இந்த நான்கும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பதுதான் சிக்கல். நேரத்தைச் சேர்த்தால் அறிவிப்பு நீளும். தொனியை மென்மையாக்கும்போது ‘அபராதம்’ போய்விட்டால், சங்கத்தின் முடிவே மாறிவிடும். அபராதம் என்று உண்மையிலேயே தீர்மானித்திருக்கிறார்களா என்பது திருத்துபவருக்குத் தெரியாது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் விண்கலங்களை உருவாக்கும் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தின் பதிப்புப் பிரிவு, இந்தக் குழப்பத்துக்கு ஒரு கையேடே எழுதியது. ராபர்ட் வான் பியூரன், மேரி ஃபிரான் பியூலர் இருவரும் தயாரித்த அதன் இரண்டாம் பதிப்பு 1980இல் வந்தது. திருத்தம் என்ற ஒரே வேலையை அவர்கள் ஒன்பது வகையாகப் பிரித்தார்கள். எழுத்துப்பிழை பார்ப்பது ஒரு வகை; வாக்கியங்களைச் செப்பனிடுவது இன்னொன்று; கட்டுரை சுட்டும் அட்டவணையும் படமும் உள்ளே இருக்கின்றனவா என்று சரிபார்ப்பது தனி வகை; பொருளையே அலசி ஒழுங்குபடுத்துவது வேறு. இவற்றை ஐந்து நிலைகளில் அடுக்கினார்கள். முதல் நிலையில் ஒன்பதும் உண்டு. ஐந்தாம் நிலையில் எழுத்துப்பிழை திருத்தம்கூடக் கிடையாது! எந்த நிலை என்று முன்கூட்டியே பேசிக்கொண்டால் நேரமும் செலவும் இரு தரப்புக்கும் தெரிந்துவிடும்.

வீட்டு அறிவிப்புக்கு ஒன்பது வகை தேவையில்லை. திருத்துபவர் மூன்று கேள்விகள் கேட்டால் போதும்: யார் படிக்கப்போகிறார்கள், எங்கே வரப்போகிறது, எதை மாற்றவே கூடாது? பதில் வரவில்லையென்றால், பிழைகளை மட்டும் திருத்திவிட்டு, நேரம் பற்றியும் அபராதம் பற்றியும் ஓரத்தில் கேள்வியாகக் குறிப்பது பாதுகாப்பானது. கேட்காமல் முழுவதையும் மாற்றி எழுதினால், செயலாளர் பழைய வரிகளையே திரும்பக் கேட்க நேரலாம்.

அனுப்புபவரும் இன்னொரு வரி சேர்த்தால் நல்லது: “லிஃப்டில் ஒட்டப்போகிறோம், மூன்று வரிக்குள் வேண்டும், அபராதத்தை எடுக்க வேண்டாம்.”