வாக்குரிமைக்குள் புகுந்த கேரட்

ஜப்பானில் குடியிருக்கும் வெளிநாட்டவருக்கு வாக்குரிமை தரலாமா என்பது அங்கே நெடுநாளாக ஓயாத விவாதம். அரசியல் சட்டம் அந்த உரிமையை அவர்களுக்கு உறுதி செய்யவில்லை, ஆனால் உள்ளாட்சித் தேர்தலுக்கு மட்டும் சட்டம் போட்டுத் தருவதைத் தடுக்கவும் இல்லை என்று 1995-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. அதோடு வழக்கு முடிந்ததே தவிர வாக்குவாதம் முடியவில்லை. இந்த விவகாரத்துக்குச் செய்தித்தாள்கள் வைத்திருக்கும் பெயர் ஆறே எழுத்து: 外国人参政権.

படித்த ஜப்பானியர் யாரும் இதில் தடுமாற மாட்டார்கள். முதலிரண்டு எழுத்தும் சேர்ந்தால் வெளிநாடு. மூன்றாவது, மனிதர். நான்கும் ஐந்தும் சேர்ந்தால் அரசியலில் பங்கேற்பது. ஆறாவது, உரிமை. ஆனால் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. ஜப்பானிய எழுத்து முறையே அப்படி. சீனம், தாய், கெமர், பர்மியம் ஆகியவையும் அப்படித்தான். நம்முடைய ஓலைச்சுவடிகளும் அப்படித்தான் இருந்தன. எங்கே ஒரு சொல் முடிகிறது என்பதைப் படிப்பவர்தான் கண்டுகொள்ள வேண்டும்.

இப்போது அதே ஆறு எழுத்தைக் கணினியிடம் கொடுப்போம். ஜப்பானியத்தைச் சொல் சொல்லாகப் பிரிக்கப் பலரும் பயன்படுத்தும் இலவச நிரல் ஒன்று உண்டு, பெயர் மெகாப். (எழுதியவருக்குப் பிடித்த கடற்பாசி வகை ஒன்றின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்.) அதனுடன் வழக்கமாகச் சேர்த்து நிறுவப்படும் ஐபாடிக் அகராதியை வைத்துக்கொண்டு இப்படிக் கேட்டால்,

```
echo "外国人参政権" | mecab -Owakati
外国 人参 政権
```

மூன்றும் ஆறும் இருந்த இடத்தில் புதிதாக ஏதோ முளைத்திருக்கிறது. நடுவில் உள்ள 人参 என்பது நிஞ்ஜின், அதாவது கேரட். கடைசி இரண்டும் சேர்ந்து செய்கென், ஆட்சி. 'வெளிநாடு, கேரட், ஆட்சி' என்று பிரித்துக் கொடுத்துவிட்டது. இந்தத் துறையில் இருப்பவர்களிடையே இது பழைய வேடிக்கை. ஆனால் இதனால் தேடுபொறியில் நடப்பது வேடிக்கையல்ல.

கணினி ஏன் கேரட்டைத் தேர்ந்தெடுக்கிறது? அது ஏனோதானோவென்று வெட்டவில்லை. முதலில் அகராதியைப் பார்த்து, இந்த ஆறு எழுத்துக்குள் எங்கெங்கே என்னென்ன சொல் இருக்க முடியும் என்று எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்கிறது. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை அந்தச் சொற்களைக் கோத்துக்கொண்டு போகப் பல வழிகள் கிடைக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு செலவு குறித்திருக்கிறது: அடிக்கடி வரும் சொல்லுக்குக் குறைவு, அரிய சொல்லுக்கு அதிகம். ஒரு சொல்லுக்குப் பின் இன்னொன்று வருவதற்கும் செலவு உண்டு. எந்த வழியின் மொத்தச் செலவு மிகக் குறைவோ அதுவே விடை. கேரட்டும் ஆட்சியும் எங்கும் புழங்கும் சொற்கள், அதனால் மலிவு. பெயர்ச்சொல்லுக்குப் பின் பெயர்ச்சொல் வருவதும் இலக்கணப்படி தவறில்லை. பக்கத்துப் பக்கத்துச் சொற்களின் இலக்கண வகையைத்தான் இந்தக் கணக்கு பார்க்கிறது, பொருளைப் பார்ப்பதில்லை. கேரட் ஆட்சி நடத்தாது என்ற சங்கதி அதில் எங்கும் எழுதப்படவில்லை.

ஜப்பானியத்தில் வேறொரு துணை வழக்கமாகக் கிடைக்கும். சீன எழுத்துக்கு நடுநடுவே ஹிரகானா, கதகானா என்னும் ஒலியெழுத்துகள் கலந்து வரும். எழுத்து வகை மாறும் இடம் பெரும்பாலும் சொல் மாறும் இடமாகவும் இருக்கும். நம்முடைய ஆறில் எல்லாமே சீன எழுத்து என்பதால் அந்தத் துணையும் இல்லை. சட்டம், அரசியல், நிறுவனப் பெயர்கள் என்று அதிகமாகத் தேடப்படும் சொற்களெல்லாம் இப்படி நீண்ட சீன எழுத்துத் தொடர்களாகவே இருப்பதுதான் சங்கடம்.

இனி தேடலுக்கு வருவோம். தேடுபொறி நாம் கேட்கும் நேரத்தில் ஒவ்வொரு கட்டுரையையும் படித்துப் பார்ப்பதில்லை. முன்கூட்டியே எல்லாக் கட்டுரைகளையும் சொல் சொல்லாகப் பிரித்து, எந்தச் சொல் எந்தெந்தக் கட்டுரையில் வருகிறது என்று ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கும். நம் புத்தகங்களின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரிதான். நாம் எதையாவது தட்டினால், தட்டியதையும் அதே நிரல் பிரிக்கும். கிடைத்த சொற்களைப் பட்டியலில் பார்க்கும். பட்டியலில் இல்லாத சொல், அந்தத் தேடுபொறியைப் பொறுத்தவரை, உலகத்திலேயே இல்லை.

ஒரு கட்டுரையின் தலைப்பிலும் உடலிலும் நம் ஆறெழுத்துத் தொடர் மட்டுமே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் அது வெளிநாடு, கேரட், ஆட்சி என்ற மூன்று சொற்களின் கீழ்தான் பதிவாகியிருக்கும். ஒருவர் ஆறெழுத்தையும் முழுசாகத் தட்டுகிறார். அதுவும் அதே தவறோடு வெளிநாடு, கேரட், ஆட்சி என்றே பிரிகிறது. மூன்றும் பட்டியலில் இருக்கின்றன, கட்டுரை கிடைத்துவிடுகிறது. இரண்டு தவறும் ஒன்றுபோல நடந்ததால் ஒன்றையொன்று மறைத்துவிட்டன.

அடுத்தவர் 参政権 என்று மூன்றெழுத்தை மட்டும் தட்டுகிறார். வாக்குரிமை உள்ளிட்ட அரசியல் உரிமை என்று பொருள். முன்னால் 'மனிதர்' எழுத்து இல்லாததால் கேரட்டுக்கு இங்கே வழியே இல்லை. கணினி சரியாகப் பிரிக்கிறது. ஆனால் கட்டுரையின் பதிவில் அப்படி ஒரு சொல் கிடையாது. கட்டுரை வராது. மூன்றாமவர் 'வெளிநாட்டவரின் வாக்குரிமை' என்று நடுவில் வேற்றுமை உருபுக்குரிய ஓர் எழுத்தைப் போட்டு 外国人の参政権 என்று கேட்கிறார். அதுவும் சரியாகவே பிரிகிறது, அதனாலேயே அவருக்கும் கட்டுரை வராது. நான்காமவர் கேரட் கூட்டு செய்யக் குறிப்பு தேடுகிறார். அவருக்கு இந்த அரசியல் கட்டுரை வந்து நிற்கிறது.

ஆக, பிரிப்பதில் தவறு நேர்ந்ததால் மட்டும் தேடல் கெடுவதில்லை. ஒரே எழுத்துகளைக் கட்டுரைக்குள் ஒரு விதமாகவும் கேள்வியில் இன்னொரு விதமாகவும் பிரிப்பதால்தான் கெடுகிறது. பிரிப்பு அக்கம்பக்கத்து எழுத்தைப் பொறுத்தது. கேள்விக்கும் கட்டுரைக்கும் அக்கம்பக்கம் ஒன்றாக இருப்பதில்லை. இதைச் சோதிப்பவர்கள் பெரும்பாலும் கட்டுரைத் தலைப்பை அப்படியே ஒட்டித் தேடிப் பார்த்து 'கிடைக்கிறதே' என்று போய்விடுகிறார்கள். தவறு வெளியே தெரியாத ஒரே கேள்வி அதுதான்.

அகராதியே வேண்டாம் என்று இன்னொரு வழி இருக்கிறது. பொருளைப் பற்றிக் கவலைப்படாமல் இரண்டிரண்டு எழுத்தாக, ஒன்றின்மேல் ஒன்று படியும்படி வெட்டுவது. ஆறெழுத்துக்கு ஐந்து துண்டு வரும்: 外国, 国人, 人参, 参政, 政権. லூசீன் என்ற புகழ்பெற்ற தேடல் நூலகத்தில் சீனம், ஜப்பானியம், கொரியன் மொழிகளுக்கென இந்த முறை உண்டு. இப்போது 参政権 என்று தேடினால் அது 参政, 政権 என்று இரண்டாகும்; இரண்டும் அடுத்தடுத்துக் கட்டுரையில் இருக்கின்றன. கிடைத்துவிடும். கட்டுரையில் அப்படியே தொடர்ச்சியாக வரும் எழுத்துகளை, இரண்டோ அதற்கு மேலோ, தட்டினால் இந்த முறையில் எந்தக் கேள்வியும் ஏமாறாது.

ஏமாறாது, ஆனால் வேண்டாததையும் அள்ளிக்கொண்டு வரும். கேரட் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. இதைவிடப் பெரிய தொல்லை ஊர்ப்பெயர்களில். தோக்கியோ மாநகரின் நிர்வாகப் பெயர் 東京都. கடைசி இரண்டெழுத்தை மட்டும் பார்த்தால் 京都, அதாவது கியோத்தோ, நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள வேறு நகரம். கியோத்தோவில் தங்கும் விடுதி தேடுபவருக்குத் தோக்கியோ முகவரி உள்ள ஒவ்வொரு விடுதியும் பொருந்தும். அகராதி முறையோ 'தோக்கியோ', 'மாநகரம்' என்று இதைச் சரியாகவே பிரித்துவிடும். ஒன்று சொல்லாமல் விட்டுவிடுகிறது, மற்றொன்று கேட்காததையெல்லாம் சொல்கிறது. எனக்குக் கேட்டால் இரண்டாவது தேவலை. வேண்டாதது வந்தால் கண்ணுக்காவது தெரியும்.

அகராதியைத் திருத்திவிட்டால் போதாதா? ஆறெழுத்தையும் ஒரே சொல்லாக அகராதியில் சேர்த்துப் பாருங்கள். கேரட் ஒழிந்துவிடும். ஆனால் கட்டுரை இப்போது ஒரே நீளச் சொல்லின் கீழ் பதிவாகிறது. 参政権 தேடுபவருக்கு அது மறுபடியும் கிடைக்காது. இதற்காகவே லூசீனில் உள்ள குரோமோஜி என்ற பிரிப்பானில் தேடலுக்கென ஒரு முறை வைத்திருக்கிறார்கள். நீளமான சொற்களுக்குக் கூடுதல் செலவு விதித்து, அவற்றை உள்ளிருக்கும் சிறு சொற்களாக உடைக்க வைக்கும் முறை அது. கன்சாய் பன்னாட்டு விமான நிலையம் என்ற ஆறெழுத்துப் பெயர் இதனால் கன்சாய், பன்னாட்டு, விமான நிலையம் என்று பிரிந்து, வெறுமனே விமான நிலையம் என்று தேடுபவருக்கும் கிடைக்கிறது.

அகராதி மாறும்போது இன்னொரு வினையும் உண்டு. 2019 ஏப்ரல் 1-ஆம் தேதி ஜப்பானிய அரசு புதிய சகாப்தத்தின் பெயரை அறிவித்தது: ரெய்வா, 令和. அதுவரை எந்த அகராதியிலும் இல்லாத சொல். பழைய அகராதி அதைத் தனித்தனி எழுத்தாகப் பிரித்தது. கேள்வியையும் அப்படியே பிரித்ததால் தேடல் ஓடியது. பிறகு அகராதியில் ரெய்வாவைச் சேர்த்தால், கேள்வி ஒரே சொல்லாகிவிடும். அதற்கு முன் பதிவான கட்டுரைகளோ பட்டியலில் தனித்தனி எழுத்தாகவே கிடக்கும். சரியான அகராதியைப் போட்ட அந்த நிமிடத்திலிருந்து பழைய கட்டுரைகள் காணாமல் போகும். அகராதியைத் தொட்டால் பட்டியல் முழுவதையும் புதிதாகப் போட வேண்டும் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்கு அரிச்சுவடி, ஆனால் லட்சக்கணக்கான கட்டுரைகள் இருக்கும் இடத்தில் நாளைக்கு என்று தள்ளிப்போடப்படுவதும் இதுதான்.

நடைமுறையில் பலர் இரண்டு பட்டியலும் வைத்துக்கொள்கிறார்கள். அகராதிப்படி பிரித்தது ஒன்று, இரண்டிரண்டு எழுத்தாக வெட்டியது ஒன்று. இரண்டிலும் தேடி, அகராதிப் பட்டியலில் பொருந்தியதை மேலே போடுவார்கள். கியோத்தோ விடுதிகள் முதலில் வரும், தோக்கியோ விடுதிகள் பின்னால் போகும். விடுபட்ட வாக்குரிமைக் கட்டுரையும் கீழே எங்கோ வந்து சேரும்.

விடுபட்டவை எவை என்று கண்டுபிடிக்கவும் இந்த இரட்டைப் பட்டியல்தான் உதவும். பயனர்கள் அதிகம் தட்டும் கேள்விகளை இரண்டிலும் ஓட்டி, எழுத்துத் துண்டுப் பட்டியலுக்குக் கிடைத்து அகராதிப் பட்டியலுக்குக் கிடைக்காத கட்டுரைகளைத் தனியே எடுக்க வேண்டும். வாக்குரிமைக் கட்டுரை அங்கே இருக்கும். ஆனால் கியோத்தோ கேட்டதற்கு வந்த தோக்கியோ முகவரிகளும் அதே குவியலில்தான் இருக்கும், அவை சரியாகவே விடப்பட்டவை. எது எது என்று ஜப்பானியம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து படித்துத்தான் பிரிக்க வேண்டும்.