கட்டுகிறவர் கையிலா, தைப்பவர் கத்தரியிலா?

கிமோனோவைத் தரையில் விரித்துப் பார்த்தால் அதில் உடம்பின் வளைவே தெரியாது. சுமார் 36 சென்டிமீட்டர் அகலமும் 12 மீட்டர் நீளமும் கொண்ட ஒரே துணிச்சுருளை நேர்கோட்டில் வெட்டி, நேர்கோட்டில் தைத்த உடை அது. தையலைப் பிரித்து, துண்டுகளைச் சேர்த்துத் துவைத்து, மறுபடி தைத்துக்கொள்ளும் வழக்கமும் ஜப்பானில் உண்டு.

அதில் பொத்தானும் இல்லை, கொக்கியும் இல்லை. முன்பக்கத்தின் இடது பாதி வலது பாதியின் மேல் வரும்படி சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றுவது இறந்தவர்களுக்கு உரியது. பெண்களின் கிமோனோ ஆள் உயரத்தைவிட நீளமானது. மிகுதியை இடுப்பில் மடித்து, மெல்லிய கயிற்றால் கட்டி, அதன் மேல் ஓபி என்ற அகலமான பட்டையை இறுக்குவார்கள். இடுப்பு ஒடுங்கிய உடம்பாக இருந்தால் அங்கே துண்டை மடித்து வைத்துச் சமன் செய்வதும் உண்டு. மார்பு, இடுப்பு எல்லாம் ஒரே உருளையாகிவிடும். பின்கழுத்து மட்டும் திறந்திருக்கும். கால்களைச் சுற்றித் துணி நெருக்கமாக இருப்பதால் நடையும் சிற்றடியாகிறது.

கொரியாவின் ஹான்போக் இரண்டு துண்டு. மேலே ஜொகோரி என்ற குட்டைச் சட்டை. அதுவும் இடது மேலாக வந்து, கொரும் என்ற இரு நாடாக்களால் மார்பருகே ஒற்றைக் காது முடிச்சாகக் கட்டப்படும். கீழே சிமா என்ற பாவாடை. நிறைய மடிப்பு வைத்து, பட்டையோடு மார்புக்கு மேலேயே கட்டுவார்கள். அதனால் இடுப்பு எங்கே இருக்கிறது என்றே வெளியே தெரியாது. வெறும் பட்டை மார்பை அழுத்தும். இருபதாம் நூற்றாண்டில் தோள்பட்டை வைத்துத் தைத்த பிறகு அந்தச் சிரமம் குறைந்தது.

மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்கள் சியோங்சாம் என்றறியும் சீனத்துச் சீபாவ் இவற்றுக்கு நேர்மாறு. 1920-களில் ஷாங்காயில் அது தளர்வான உடையாகத்தான் தொடங்கியது. போகப்போகப் பக்கத் தையல் உடம்போடு ஒட்டியது. மேற்கத்திய டார்ட் வந்த பிறகு மார்பும் இடுப்பும் தனித்தனியே தெரியும்படி தைத்தார்கள். நிமிர்ந்த கழுத்துப்பட்டையிலிருந்து வலது அக்குள் வரை சரிவாகவும், பிறகு வலப்பக்கமாகக் கீழேயும் திறப்பு வரும். துணிக்கயிற்றில் முடிந்த பொத்தான்களும் அவற்றை மாட்டும் காதுகளும் அதை மூடும். இப்போது பக்கத்தில் பெரும்பாலும் ஜிப். காலை ஒடுக்கிய துணியில் நடக்கத்தான் பக்கவெட்டு உதவுகிறது.

இந்த வேறுபாடு, உடம்பு கொஞ்சம் பருத்தால் பளிச்சென்று தெரிந்துவிடும். கிமோனோவில் மேலே வரும் மடிப்பின் அகலம் குறையும், அவ்வளவுதான். சிமாவிலும் அதே கதை. சீபாவ் மட்டும் குறுக்கே இழுத்துச் சுருங்கும், பொத்தான் காதுகள் விரியும், உட்கார்ந்தால் இடுப்பில் கோடு விழும். ஆகவே சீபாவ் தைக்கக் கொடுப்பவர்கள், பக்கத் தையலுக்குள் பிரித்துவிட எவ்வளவு துணி விடுவார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.