ஒரே ஹப்பில் நான்கு சாதனங்கள்: ஹார்ட் டிஸ்க் ஏன் காணாமல் போகிறது?

திருநெல்வேலியில் இருக்கும் என் பெரியப்பா புதிதாக லேப்டாப் வாங்கியபோது, கூடவே நான்கு துளைகள் கொண்ட ஒரு யு.எஸ்.பி. ஹப்பும் வாங்கினார். லேப்டாப்பில் இருந்தது இரண்டே யு.எஸ்.பி. போர்ட். ஒன்றில் பிரிண்டர். மற்றொன்றில் ஹப். அந்த ஹப்பில் வெப் கேமரா, ஹெட்போன், வயர்லெஸ் மவுஸின் ரிசீவர், குடும்பப் போட்டோக்கள் எல்லாம் இருக்கும் போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் செய்தார். "அக்காகூட வீடியோவில் பேசிக்கிட்டே போட்டோவைக் காப்பி பண்ணினேன்டா. படம் அப்படியே நின்னு போச்சு. டிஸ்கில் டிக் டிக்னு சத்தம். இப்போ பார்மட் பண்ணணுமான்னு கேக்குது. ஓகே கொடுத்துடவா?"

"பெரியப்பா, எதையும் தொடாதீங்க. கேன்சல் கொடுங்க" என்று கத்தியே விட்டேன். திரையில் வந்திருந்த வாசகம் இதுதான்:

```
You need to format the disk in drive E: before you can use it.
```

இந்தச் செய்தி வந்தால் டிஸ்க் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. விண்டோஸால் அந்த நேரத்தில் டிஸ்கைச் சரியாகப் படிக்க முடியவில்லை, அவ்வளவுதான். அப்போது பார்மட் கொடுத்தால், நன்றாக இருக்கும் போட்டோக்களும் போய்விடும். பெரியப்பாவை ஹார்ட் டிஸ்கை ஹப்பிலிருந்து கழற்றச் சொல்லி, பிரிண்டர் இருந்த போர்ட்டில் நேரடியாகச் செருகச் சொன்னேன். டிஸ்க் சத்தமில்லாமல் திறந்தது. போட்டோக்கள் எல்லாம் இருந்தன. முதல் வேலையாக அவற்றை லேப்டாப்பில் காப்பி செய்யச் சொன்னேன். அதன் பிறகுதான் டிஸ்கில் பிழை இருக்கிறதா என்று பார்க்க இந்தக் கட்டளையைக் கொடுத்தோம்:

```
chkdsk E: /f
```

காப்பி எடுக்கும் முன் இதைச் செய்யாதீர்கள். இது டிஸ்கில் எழுதித் திருத்தும் கட்டளை.

சரி, நடந்தது என்ன? பலரும் உடனே "ஒரே வயரில் நான்கு சாதனம், டேட்டா நெரிசல்" என்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் டேட்டா நெரிசல் என்றால் வேகம் குறையுமே தவிர, சாதனம் காணாமல் போகாது. இங்கே டிஸ்க் அடிக்கடி துண்டிக்கப்பட்டு மீண்டும் இணைந்திருக்கிறது. விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து, சிஸ்டம் பிரிவில் தேடியபோது இந்த வரி நான்கைந்து முறை இருந்தது:

```
Disk 1 has been surprise removed.
```

யாரும் கழற்றாமலேயே டிஸ்க் கழன்றிருக்கிறது. இது மின்சாரப் பற்றாக்குறையின் அடையாளம்.

யு.எஸ்.பி. 2.0 போர்ட் ஒன்று தர வேண்டிய மின்சாரம் 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர். தனி அடாப்டர் இல்லாத ஹப் இந்த 500-ஐத்தான் எல்லோருக்கும் பங்கு போட வேண்டும். விதிப்படி ஹப் தனக்கு 100 எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு துளைக்கும் 100 தரும். இப்படிப்பட்ட ஹப்களில் நான்கு துளைகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பதன் காரணமும் இந்தக் கணக்குதான்.

ஒவ்வொரு சாதனமும் இணையும்போது "எனக்கு அதிகபட்சம் இவ்வளவு வேண்டும்" என்று கம்ப்யூட்டரிடம் சொல்லும். பெரியப்பா வீட்டுக் கணக்கு இது: ஹார்ட் டிஸ்க் 500, வெப் கேமரா 200, ஹெட்போன் 100, மவுஸ் ரிசீவர் 98. ஹப்புக்கு 100 சேர்த்தால் 998. கையில் இருப்பதோ 500! அதிலும் டிஸ்க் சுழலத் தொடங்கும்போது, சுழன்று கொண்டிருக்கும்போது இழுப்பதைவிட அதிகமாக இழுக்கும். அப்போது வோல்டேஜ் சரிகிறது. மோட்டார் நிற்கிறது, மீண்டும் முயல்கிறது. அந்த டிக் டிக் சத்தம் அதுதான். அதே சரிவில் கேமராவும் தடுமாறி, வீடியோ நின்றுவிடுகிறது.

"இவ்வளவு மின்சாரம் தர முடியாது என்று கம்ப்யூட்டர் முதலிலேயே மறுக்க வேண்டாமா?" என்று நீங்கள் கேட்கலாம். மறுக்க வேண்டும்தான். ஆனால் விலை குறைந்த ஹப்கள் பல, தனி அடாப்டர் இல்லாமலேயே "எனக்குச் சொந்த மின்சாரம் இருக்கிறது" என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்கின்றன. அதை நம்பி கம்ப்யூட்டரும் பேசாமல் இருந்துவிடுகிறது.

பெரியப்பாவுக்குச் செலவில்லாமலே தீர்வு கிடைத்தது. அவருடைய லேப்டாப்பில் ஒரு போர்ட் நீல நிறம், அதாவது யு.எஸ்.பி. 3.0. அது 900 மில்லி ஆம்பியர் தரும். அதைப் பிரிண்டருக்குக் கொடுத்து வைத்திருந்தார். பிரிண்டருக்குச் சுவரிலிருந்தே மின்சாரம் வருகிறது, யு.எஸ்.பி.யில் அது கேட்பது வெறும் 2 மில்லி ஆம்பியர். இரண்டையும் இடம் மாற்றினோம். டிஸ்க் நேரடியாக நீலப் போர்ட்டில், பிரிண்டர் ஹப்பில். இப்போது ஹப்பின் கணக்கு 100, 200, 100, 98, 2. கூட்டினால் சரியாக 500. விளிம்பில் நிற்கிறது, கேமராவும் தன் பங்குக்கு மேல்தான் கேட்கிறது. இன்னொரு சாதனம் வந்தால் அடாப்டர் உள்ள ஹப்தான் வாங்க வேண்டும். வாங்கும்போது அடாப்டரின் அளவைப் பாருங்கள். ஏழு துளைகளுக்குத் தலா 500 என்றால் 3.5 ஆம்பியர் வேண்டும். 2 ஆம்பியர் அடாப்டருடன் வரும் ஹப்பில் எல்லாத் துளையையும் நம்ப முடியாது.

இனி டேட்டா பக்கம். யு.எஸ்.பி. 2.0-வின் 480 மெகாபிட் வேகமும் ஹப்பில் உள்ள எல்லோருக்கும் சேர்த்துத்தான். நடைமுறையில் காப்பி செய்யும்போது நொடிக்கு 35 மெகாபைட் கிடைத்தால் நல்லது. ஆனால் பங்கு சமமாகப் பிரிவதில்லை. கேமரா, ஹெட்போன் போன்றவை இணைந்து இயங்கும்போதே தங்களுக்கென்று இடத்தை ரிசர்வ் செய்துவிடும். ஹார்ட் டிஸ்குக்கும் பென் டிரைவுக்கும் ரிசர்வேஷன் கிடையாது, மிச்சம் இருப்பதுதான். அதனால் நெரிசல் வந்தால் முதலில் மெதுவாவது காப்பி வேலைதான், வீடியோ அல்ல. ரிசர்வ் செய்யவே இடமில்லை என்றால் சாதனம் தொடங்கவே தொடங்காது. இரண்டு வெப் கேமராவை ஒரே ஹப்பில் வைத்தால் இரண்டாவது இயங்க மறுப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இதற்காக யு.எஸ்.பி. 3.0 ஹப் வாங்கினாலும் பயனில்லை. அதற்குள்ளும் பழைய 2.0 சாதனங்களுக்குத் தனி வயர்தான், அதே 480-தான்.

இன்னொன்று. ஹப்பில் உள்ள ஹார்ட் டிஸ்கிலிருந்து பக்கத்துத் துளையில் உள்ள பென் டிரைவுக்குக் காப்பி செய்தால், டேட்டா பக்கத்திலேயே தாவிப் போகாது. கம்ப்யூட்டர் வரை போய் அதே வயரில் திரும்பி வரும். வேகம் பாதியாகும். 10 ஜிபி.க்கு ஐந்து நிமிடம் என்று நினைத்தால் பத்து நிமிடம் ஆகும்.

இரண்டு நாள் கழித்துப் பெரியப்பா மறுபடி அழைத்தார். "டிஸ்க் பிரமாதம். ஆனா காப்பி ஓடும்போது மவுஸ் தவளை மாதிரி தாவுதுடா!" இது மின்சாரமும் இல்லை, நெரிசலும் இல்லை. யு.எஸ்.பி. 3.0 வேகத்தில் டேட்டா ஓடும்போது, வயர்லெஸ் மவுஸ் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழும். இன்டெல் நிறுவனமே 2012-ல் இதுபற்றி விளக்க அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ரிசீவர் இருந்த ஹப் டிஸ்குக்கு ஒட்டியே கிடந்தது. ஹப்பை அதன் வயர் நீளும்வரை தள்ளி, மேஜையின் மறுபக்கம் மவுஸ் அருகே வைக்கச் சொன்னேன். தாவல் நின்றது.